ஒரே பயோவை துபாய், சிங்கப்பூர், ஜெர்மனிக்கு அனுப்பலாமா? எதை மாற்றணும், எதை மாற்றவே கூடாது?

வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யும் பலரிடமும் ஒரே ஒரு ரெஸ்யூம்தான் இருக்கும். அதே ஃபைல் காலையில் துபாய் கம்பெனிக்குப் போகும், மதியம் சிங்கப்பூருக்குப் போகும், ராத்திரி ஜெர்மனிக்கும் போகும். மூன்று இடத்திலிருந்தும் பதில் வராது. "நமக்கு தகுதி பத்தலை போல" என்று விட்டுவிடுவார்கள்.

பல நேரங்களில் பிரச்னை தகுதியில் இல்லை. ரெஸ்யூமின் தலைப்பகுதியில் நம்மைப் பற்றி நாலைந்து வரி எழுதுகிறோமே, அந்த பயோவில்தான் சிக்கல். துபாய்க்காரர் தேடும் தகவல் அதில் இருக்காது. சிங்கப்பூர்க்காரர் பார்க்கவே விரும்பாத தகவல் இருக்கும். ஜெர்மன்காரருக்கு அது விளம்பரம் மாதிரி தெரியும்.

இன்னொரு பக்கம், "நாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுது" என்று யாராவது சொன்னதும், பதவியின் பெயரையும் அனுபவ வருஷத்தையும் சேர்த்து மாற்றி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. அப்போ எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது? ஒரு உதாரணத்தை வைத்து விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் நம்ம ஆளைத் தெரிஞ்சுக்கோங்க

இவர் நாம் உருவாக்கிய ஒரு உதாரண ஆள். வயது 30. 2017-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர். மதிப்பெண் 10-க்கு 7.4.

2017 ஜூன் முதல் 2021 ஆகஸ்ட் வரை சென்னையில் ஒரு ஐ.டி. வளாகத்தின் ஏ.சி. பிளான்ட்டில் வேலை. அதன் பிறகு அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் 8 மாதம் வீட்டில் இருந்தார். 2022 மே முதல் கோவையில் 450 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கும் பதவிப் பெயர் 'அசிஸ்டென்ட் இன்ஜினியர் – யுடிலிட்டீஸ்'.

அங்கே தலா 350 டன் திறனுள்ள 3 வாட்டர் கூல்டு சில்லர்கள் இருக்கின்றன. இவருடைய ஷிப்டில் 4 டெக்னீஷியன்கள். மூன்று ஷிப்டும் சேர்த்தால் 12 பேர், ஆனால் இவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் 4 பேர்தான்.

அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு விஷயமும் இருக்கு. பிளான்ட்டில் ஒரு டன் குளிர்ச்சிக்கு 0.85 கிலோவாட் மின்சாரம் செலவானது. அதை 0.75 கிலோவாட்டாகக் குறைத்தார்கள். சுமார் 12 சதவீதம் மிச்சம். சராசரியாக 400 டன் லோடில் பிளான்ட் வருஷம் முழுக்க ஓடினால், இது ஆண்டுக்கு சுமார் மூன்றரை லட்சம் யூனிட்.

இதை இவர் தனியாகச் செய்யவில்லை. சீஃப் இன்ஜினியர் ஒப்புதல் கொடுத்தார். கண்டன்சர் டியூப்களை கான்ட்ராக்ட் ஆட்கள் சுத்தம் செய்தார்கள். எந்த லோடில் எந்த சில்லர் ஓட வேண்டும் என்ற அட்டவணையைத் தயாரித்ததும், ஆறு மாதம் ரீடிங் எடுத்து அதை நிரூபித்ததும் இவர்.

இப்போது இவருடைய பயோ இப்படி இருக்கிறது:

*"டைனமிக்கான, கடினமாக உழைக்கக்கூடிய எச்.வி.ஏ.சி. இன்ஜினியர். 8 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அனுபவம். சிறந்த தலைமைப் பண்பு உடையவர். ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பொறுப்பை எதிர்பார்க்கிறார்."*

இந்த நாலு வரியில் சில்லர் என்ற வார்த்தையே இல்லை. வேறு எந்த இன்ஜினியரின் பெயரைப் போட்டாலும் இந்த வரிகள் பொருந்திவிடும். மூன்று ஊரிலும் இது வேலைக்கு ஆகாததற்கு அதுவே முதல் காரணம். (பயோவை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். புரிவதற்காக இங்கே எல்லாவற்றையும் தமிழில் தருகிறோம்.)

வளைகுடா: விவரம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லது

துபாய், தோஹா, ரியாத் மாதிரி இடங்களில் ஆள் எடுக்கும்போது வேலையோடு விசாவும் சேர்ந்தே வருகிறது. உங்களை வரவழைத்து விசா எடுப்பது கம்பெனியின் பொறுப்பு. அதனால் அவர்கள் முதலில் பார்ப்பது, "இந்த ஆளை சீக்கிரம் கொண்டுவர முடியுமா, வந்த மறுநாளே பிளான்ட்டில் நிறுத்த முடியுமா?" என்பதைத்தான்.

நம் ஊரில் ரெஸ்யூமில் எழுத யோசிக்கும் சொந்த விவரங்கள் அங்கே வழக்கமாக எதிர்பார்க்கப்படுகின்றன. எந்த நாட்டுக்காரர், என்ன வயது, திருமணமானவரா, பாஸ்போர்ட் எப்போது வரை செல்லும், இப்போது எந்த விசாவில் இருக்கிறார், எத்தனை நாள் நோட்டீஸ், டிரைவிங் லைசென்ஸ் இருக்கா என்று பட்டியல் போகும். போட்டோவும் பெரும்பாலும் கேட்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ம் ஆண்டு தொழிலாளர் சட்டம் இனம், நிறம், பாலினம், மதம், நாடு போன்றவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனாலும் விவரம் கேட்கும் வழக்கம் போகவில்லை.

வேலை விவரத்திலும் அப்படித்தான். 'ஏ.சி. பிளான்ட் அனுபவம்' என்று பொதுவாகப் போட்டால் நகர்ந்துவிடுவார்கள். எத்தனை டன், வாட்டர் கூல்டா ஏர் கூல்டா, கேரியரா, டிரேனா, யார்க்கா என்று மெஷின் பெயரோடு இருந்தால்தான் நிற்பார்கள். காரணம் எளிது. அவர்களுடைய சைட்டில் இருக்கும் மெஷினும் உங்கள் ரெஸ்யூமில் இருக்கும் மெஷினும் ஒன்றா என்றுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அடக்கம் விஷயத்தில், இங்கே கூச்சப்படத் தேவையில்லை. "நான் இயக்கினேன், நான் பொறுப்பு" என்று நேராகச் சொல்லலாம். நம்ம ஆளின் பயோ இப்படி மாறும்:

*"மருத்துவமனை மற்றும் ஐ.டி. வளாக சில்லர் பிளான்ட் இயக்கம், பராமரிப்பில் 7 ஆண்டு 9 மாத அனுபவம். தலா 350 டன் திறனுள்ள 3 வாட்டர் கூல்டு சில்லர்களை ஷிப்ட் பொறுப்பில் இயக்கி வருகிறார், 4 டெக்னீஷியன்கள் உடன். பிளான்ட்டின் மின் செலவைச் சுமார் 12 சதவீதம் குறைத்த குழுவில் சில்லர் இயக்க அட்டவணையைத் தயாரித்தவர். பி.இ. மெக்கானிக்கல், 2017. இந்தியர், வயது 30, திருமணமானவர். பாஸ்போர்ட் 2031 வரை செல்லும். இந்திய டிரைவிங் லைசென்ஸ் உண்டு, வளைகுடா லைசென்ஸ் இல்லை. தமிழ், ஆங்கிலம், பேச்சளவில் இந்தி. நோட்டீஸ் 30 நாள்."*

சில்லரின் பிராண்டு பெயரை இதில் அவர் தன் பிளான்ட்டில் இருப்பதைப் பார்த்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் தேவை. லைசென்ஸ் இல்லை என்பதை ஏன் வெளிப்படையாகச் சொல்லணும் என்று தோன்றலாம். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு வெறுமனே 'லைசென்ஸ் உண்டு' என்று போட்டால், அங்கே ஓட்ட முடியும் என்று நினைத்து சைட்டுகளுக்கு நடுவே வண்டி ஓட்டும் வேலைக்கு உங்களை எடுத்துவிடலாம். அங்கே குடியிருக்கும்போது இந்திய லைசென்ஸை வைத்து அப்படியே ஓட்ட முடியாது. போய் இறங்கிய பிறகு அது சண்டையாக மாறும்.

இரண்டாவது, விவரம் கேட்கிறார்கள் என்பதற்காக பாஸ்போர்ட் நம்பரையோ, பாஸ்போர்ட் ஸ்கேனையோ ரெஸ்யூமிலேயே வைக்காதீர்கள். எப்போது வரை செல்லும் என்ற தகவல் மட்டும் போதும். ரெஸ்யூம் எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது. ஆஃபர் லெட்டர் வந்து, ஏஜென்ட் மத்திய அரசின் emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பார்த்த பிறகு பாஸ்போர்ட் நகல் கொடுத்தால் போதும்.

சிங்கப்பூர்: உங்க கதை வேண்டாம், உங்களால என்ன மாறிச்சு?

இதே பயோவை அப்படியே சிங்கப்பூருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஹெச்.ஆர். கொஞ்சம் சங்கடப்படுவார். அங்கே நியாயமான வேலைவாய்ப்பு நடைமுறைகளுக்கான வழிகாட்டுதல் பல ஆண்டுகளாக இருக்கிறது. வேலைக்குத் தொடர்பில்லாத வயது, மதம், இனம், திருமண நிலை போன்ற விவரங்களை விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் பணியிட நியாயத்துக்கென தனிச் சட்டமே நிறைவேற்றியது. வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, இனம், மதம் எல்லாம் அதில் பாதுகாக்கப்பட்ட பண்புகள்.

அதனால் போட்டோ, வயது, மதம், கல்யாணம் இவை எல்லாம் வெளியே. ஆனால் ஒன்று மட்டும் இருக்கணும். நீங்கள் இந்தியர், வேலை அனுமதி தேவைப்படும் என்பது. இதை மறைத்தால் இன்டர்வியூ வரை போய்தான் தெரியவரும். இரண்டு பேருக்கும் நேரம் வீண்.

சொந்த விவரம் போன இடத்தில் எதை நிரப்புவது? இங்கேதான் சிங்கப்பூரின் நடைமுறையைப் புரிஞ்சுக்கணும். வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ கேட்பதற்கு முன், சில விதிவிலக்குகள் தவிர, கம்பெனி அந்த வேலையை MyCareersFuture என்ற அரசுத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். உள்ளூர் ஆட்களும் விண்ணப்பிப்பார்கள். அவர்களையும் நியாயமாகப் பரிசீலித்த பிறகும் ஏன் உங்களை எடுக்கிறோம் என்பதற்கு மேனேஜரிடம் ஒரு பதில் இருக்கணும். அந்த பதிலை உங்கள் பயோ அவர் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அதனால் இங்கே மெஷின் பட்டியலை விட விளைவு முதலில் வரணும். நம்ம ஆளுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களின் ஏ.சி. பிளான்ட்டை மதிப்பிடும்போது, ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் என்பதுதான் துறையில் புழங்கும் கணக்கு. அங்குள்ள கட்டட ஆணையத்தின் 'கிரீன் மார்க்' சான்றிதழிலும் இதே அளவைப் பார்க்கிறார்கள். '12 சதவீதம் குறைத்தேன்' என்று மட்டும் போட்டால், எதிலிருந்து எதுவாகக் குறைத்தாய் என்ற கேள்வி எழும். '0.85-லிருந்து 0.75' என்று போட்டால், படிப்பவருக்கு பிளான்ட்டின் நிலைமை ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

*"24 மணி நேரமும் இயங்கும் 450 படுக்கை மருத்துவமனையின் சில்லர் பிளான்ட்டில் அசிஸ்டென்ட் இன்ஜினியர். பிளான்ட்டின் மின் பயன்பாட்டை ஒரு டன்னுக்கு 0.85 கிலோவாட்டிலிருந்து 0.75 ஆகக் குறைத்த பணியில், சில்லர் இயக்க அட்டவணையை வடிவமைத்து ஆறு மாத அளவீட்டில் உறுதி செய்தவர். ஆண்டு மிச்சம் சுமார் 350,000 கிலோவாட் மணி. ஷிப்டில் 4 டெக்னீஷியன்கள். 7 ஆண்டு 9 மாத அனுபவம். இந்தியக் குடியுரிமை, வேலை அனுமதி தேவை. நோட்டீஸ் 30 நாள்."*

மூன்றரை லட்சம் யூனிட் என்பது 350,000 கிலோவாட் மணி ஆகிவிட்டதைக் கவனிச்சீங்களா? லட்சம், கோடி என்ற கணக்கு நம் பக்கத்தில்தான் செல்லும். நாம் 3,50,000 என்று கமா வைப்போம், அவர்கள் 350,000 என்று வைப்பார்கள். நம் கமாவைப் பார்த்தால், ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சோ என்ற சந்தேகம் வரும்.

அடக்கம் விஷயத்தில் சிங்கப்பூர் நடுவில் நிற்கிறது. செய்ததைச் சொல்லத் தயங்கக் கூடாது. ஆனால் 'அட்டவணையை வடிவமைத்தவர்' என்ற வரியில் இருப்பது அவர் பங்கு மட்டும். 'மின் செலவைக் குறைத்தவர்' என்று முழுசாக எடுத்துக்கொண்டால், இன்டர்வியூவில் டியூப் சுத்தம் பற்றிக் கேள்வி வரும். "அதை கான்ட்ராக்டர் பார்த்துக்கிட்டார்" என்று அப்போது சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு பதிலில், அதுவரை சொன்ன எல்லாமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

ஜெர்மனி: புகழ்ச்சியைக் குறை, தேதியைக் கூட்டு

முதலில் ஒரு விஷயம். ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரியான வழக்கம் கிடையாது. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளில் போட்டோவும் பிறந்த தேதியும் இல்லாத ரெஸ்யூம்தான் வழக்கம். ஜெர்மனியில் நீண்ட காலமாக போட்டோ ஒட்டும் பழக்கம் இருந்தது. 2006-ல் சம நடத்தைச் சட்டம் வந்த பிறகு அதைக் கட்டாயமாகக் கேட்பது சரியல்ல என்றாகிவிட்டது. இன்றும் பலர் வைக்கிறார்கள், வைக்காவிட்டாலும் தவறில்லை. நம்ம ஆள் ஜெர்மனியைக் குறிவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஜெர்மன் முதலாளி ரெஸ்யூமை விளம்பரமாகப் பார்ப்பதில்லை, ஒரு பதிவேடாகப் பார்க்கிறார். அதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கணும் என்று நினைப்பார். 'டைனமிக்', 'சிறந்த தலைமைப் பண்பு' எல்லாவற்றுக்கும் எந்தக் காகிதமும் கிடையாது. எனவே அவை அங்கே அதிகமாக உறுத்தும்.

அதற்குப் பதிலாக அங்கே கவனிக்கப்படுவது இடைவெளி. மாதமும் வருஷமும் போட்டு, ஒரு வேலை முடிந்து அடுத்தது எப்போது தொடங்கியது என்று வரிசையாகப் பார்ப்பார்கள். நடுவில் 8 மாதம் காணாமல் போயிருந்தால் கட்டாயம் கேள்வி வரும். 'குடும்பத்தில் நோயாளியைக் கவனித்த காலம்' என்று ஒரே வரியில் போட்டுவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்தது. அப்பாவுக்கு என்ன நோய் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை.

*"மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் பி.இ., 2017. 05/2022 முதல் 450 படுக்கை மருத்துவமனையின் குளிரூட்டு நிலையத்தில் பணி: தலா சுமார் 1,230 கிலோவாட் குளிரூட்டும் திறனுள்ள 3 இயந்திரங்களின் இயக்கமும் பராமரிப்பும், ஷிப்டில் 4 டெக்னீஷியன்கள். நிலையத்தின் மின் பயன்பாட்டைச் சுமார் 12 சதவீதம் குறைத்த குழுவில் பங்கு: இயக்க அட்டவணையும் அளவீடும். 06/2017–08/2021 ஐ.டி. வளாக ஏ.சி. பிளான்ட்டில் பணி. 09/2021–04/2022 குடும்பத்தில் நோயாளியைக் கவனித்த காலம். ஜெர்மன் பி1, ஆங்கிலம் சி1."*

இதில் '350 டன்' காணவில்லை. ஜெர்மனியில் குளிரூட்டும் திறனையும் கிலோவாட்டில்தான் சொல்வார்கள். ஒரு டன் என்பது சுமார் 3.517 கிலோவாட். 350-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 1,230 வரும். டன் என்றே விட்டுவிட்டால், மெஷினின் எடையோ என்று நினைக்கக்கூட வாய்ப்புண்டு. ரெஸ்யூமை ஜெர்மன் மொழியிலேயே எழுதினால் இன்னொரு வித்தியாசமும் வரும். அங்கே புள்ளியும் கமாவும் இடம் மாறும். நாம் 1,230 என்று எழுதுவதை அவர்கள் 1.230 என்றும், நம் 0.75-ஐ 0,75 என்றும் எழுதுவார்கள்.

மொழியையும் 'நன்றாகப் பேசுவேன்' என்று போடாமல், ஏ1 முதல் சி2 வரையுள்ள ஐரோப்பிய அளவில் போட வேண்டும். பி1 என்று போட்டால் அதற்கு ஒரு தேர்வுச் சான்றிதழ் இருப்பது நல்லது. மதிப்பெண்ணையும் வெறுமனே '7.4' என்று விடாதீர்கள். ஜெர்மனியில் 1 என்பதுதான் மிகச் சிறந்த மதிப்பெண், எண் கூடக் கூட மோசம். '10-க்கு 7.4, 10 அதிகபட்சம்' என்று தெளிவாக எழுதினால்தான் குழப்பம் வராது.

இன்னொரு முக்கியமான விஷயம், 'இன்ஜினியர்' என்ற வார்த்தை. ஜெர்மன் மொழியில் 'இன்ஜெனியர்' என்பது மாநிலச் சட்டங்களால் பாதுகாக்கப்பட்ட தொழில்பெயர். வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர் உரிய அனுமதி இல்லாமல் அதைத் தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது. அதனால்தான் மேலே 'இன்ஜினியர்' என்று தொடங்காமல், படிப்பின் பெயரோடு தொடங்குகிறது. பட்டத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை அரசின் anabin தளத்தில் பார்க்கலாம். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே H+ என்று இருக்கிறதா, உங்கள் பட்டமும் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்கணும். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரியின் பெயரைத் தேடாமல், சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகத்தைத் தேட வேண்டும்.

நம்ம ஆள் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கு. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகும் எவருக்கும் எழுத்துபூர்வமான பணிச் சான்றிதழ் கேட்கும் சட்ட உரிமை உண்டு. என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதே மாதிரி ஒன்றைத்தான் உங்களிடமும் எதிர்பார்ப்பார்கள். நம் ஊர் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இவை மட்டும்தான் இருக்கும். எனவே கம்பெனியை விட்டு வரும்போதே, செய்த வேலைகளின் பட்டியலோடு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்டால், கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய மேனேஜர் அங்கே இருக்க மாட்டார்.

மூன்றிலும் மாறவே கூடாதது என்ன?

இதுவரை மாறியதை எல்லாம் பாருங்கள். எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எந்த அளவில் எழுதுவது, எவ்வளவு உரக்கச் சொல்வது. அவ்வளவுதான். நடந்த விஷயம் எங்கேயும் மாறவில்லை. மூன்றிலும் 4 டெக்னீஷியன்கள்தான், 12 ஆகவில்லை. அட்டவணை தயாரித்ததுதான் மூன்றிலும் அவர் பங்கு.

பழைய பயோவில் இருந்த '8 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அனுபவம்' ஏன் மறைந்தது என்று யோசித்தீர்களா? 2025 அக்டோபர் நிலவரப்படி கணக்குப் போடுவோம். சென்னையில் 4 வருஷம் 3 மாதம். கோவையில் 3 வருஷம் 6 மாதம். மொத்தம் 7 வருஷம் 9 மாதம். 2017 ஜூனிலிருந்து நேராக எண்ணினால் 8 வருஷம் 5 மாதம் வருகிறது. வீட்டில் இருந்த 8 மாதமும் சேர்ந்துவிடுகிறது. இடைவெளியை அனுபவத்தில் சேர்த்துக் கணக்கிடும் தவறு இப்படித்தான், தெரியாமலே நடக்கிறது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். துபாய் பயோவில் '8+' என்றும், ஜெர்மன் பயோவில் 8 மாத இடைவெளி என்றும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். வேறு வேறு நாடுதானே, யாருக்குத் தெரியப்போகுது என்று நினைக்காதீர்கள். உங்கள் லிங்க்ட்இன் பக்கம் ஒன்றுதான். அதை மூன்று நாட்டுக்காரரும் பார்ப்பார்கள். பழைய கம்பெனியின் ஹெச்.ஆரும் ஒருவர்தான். யார் போன் செய்து கேட்டாலும் அவர் ரெஜிஸ்டரில் உள்ள தேதியைத்தான் சொல்வார்.

பதவிப் பெயரும் அப்படித்தான். 'அசிஸ்டென்ட் இன்ஜினியர் – யுடிலிட்டீஸ்' என்றால் வெளிநாட்டில் புரியாது என்பது நியாயமான கவலை. அதற்காக 'எச்.வி.ஏ.சி. மேனேஜர்' என்று மாற்றக் கூடாது. ஆர்டரில் உள்ள பெயரை அப்படியே போட்டு, பக்கத்தில் 'சில்லர் பிளான்ட் ஷிப்ட் பொறுப்பு' என்று விளக்கம் சேர்க்கலாம். விளக்குவது வேறு, பதவி உயர்வு கொடுத்துக்கொள்வது வேறு.

இதற்கான விலையும் நாட்டுக்கு நாடு வேறு. வளைகுடா வேலைகள் பலவற்றுக்கு டிகிரி சான்றிதழை அட்டெஸ்டேஷன் செய்ய வேண்டும். சவுதியில் இன்ஜினியர் பதவியில் வேலை செய்பவர்கள் அந்நாட்டு இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். காகிதத்தில் இல்லாதது எதுவும் அந்தக் கட்டத்தைத் தாண்டாது. சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல், புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் கல்வித் தகுதியைக் குறிப்பிட்டால், அது சரிபார்க்கப்பட்டதற்கான ஆதாரம் கேட்கிறார்கள். பாஸ் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்புவது கம்பெனி என்றாலும், அவர்கள் நிரப்புவது நீங்கள் கொடுத்த ரெஸ்யூமைப் பார்த்துத்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு கூடுதல் தலைவலி உண்டு. அதுதான் இனிஷியல். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். ரெஸ்யூமில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். மூன்று நாட்டுக்கும் அனுப்பும் ரெஸ்யூமில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். லிங்க்ட்இன், இ-மெயில் எல்லாவற்றிலும் அதே வடிவம் இருந்தால், இரண்டு பேரா ஒரே ஆளா என்ற சந்தேகம் எழாது.

சரி, எப்படித் தொடங்குவது?

நேரடியாக மூன்று பயோ எழுத உட்காராதீர்கள். முதலில் யாருக்கும் அனுப்பாத ஒரு மூல ஃபைல் தயார் செய்யுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஆர்டரில் உள்ள பதவிப் பெயர், மெஷின் விவரம், உங்களுக்குக் கீழே இருந்தவர்கள் எண்ணிக்கை, செய்த வேலையில் உங்கள் பங்கு, அடுத்தவர் பங்கு எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதை நிரூபிக்கும் காகிதம் எது என்று எழுதுங்கள். காகிதம் இல்லையென்றால், யாரிடம் கேட்டால் உறுதி செய்வார் என்று எழுதுங்கள்.

பிறகு ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த ஃபைலில் இருந்து எடுத்து மட்டும் எழுதுங்கள். மூல ஃபைலில் இல்லாத ஒரு தகவலை பயோவில் சேர்க்கத் தோன்றினால், அங்கே நின்று யோசியுங்கள். அது உண்மையென்றால் முதலில் மூல ஃபைலில் ஏறட்டும்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. மூன்று பயோவையும் பிரின்ட் எடுத்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்களை மட்டும் பென்சிலால் வட்டம் போடுங்கள். தேதி, வருஷம், ஆட்கள், சதவீதம் எல்லாம். ஒரே விஷயத்துக்கு இரண்டு வெவ்வேறு எண் இருந்தால், அளவு மாறியதால் வந்த வித்தியாசமா என்று பாருங்கள். 350 டன்னும் 1,230 கிலோவாட்டும் அப்படிப்பட்டவை, பிரச்னை இல்லை. 7 வருஷம் 9 மாதமும் '8+' வருஷமும் அப்படிப்பட்டவை அல்ல. அந்த வட்டத்தைத் திருத்தாமல் ஃபைலை அனுப்பாதீர்கள்.